நீள மூக்கு லைட்டர்: பொறி பறக்கிறது, தீ மட்டும் பிடிக்க மாட்டேன் என்கிறது

விளக்கு_வாணி (கும்பகோணம்)

சாமி விளக்கு ஏற்ற நீளமான மூக்கு வைத்த லைட்டர் ஒன்று வைத்திருக்கிறோம். அடியில் கேஸ் நிரப்பிக்கொள்ளலாம், விசையை இழுத்தால் நுனியில் மஞ்சள் தீ வரும். இரண்டு வருடமாக ஒரு தொந்தரவும் இல்லை. கார்த்திகை தீபத்தன்று எழுபது அகல் ஏற்றியதில் கேஸ் தீர்ந்துவிட்டது. கடையில் லைட்டர் கேஸ் கேன் வாங்கி வந்து நானே நிரப்பினேன்.

இப்போது என்னவென்றால், இழுத்தால் "டிக்" என்று சத்தம் வருகிறது, நீலப் பொறியும் தெரிகிறது. தீ இல்லை. பத்து தடவை இழுத்தால் ஒரு தடவை பிடிக்கும், உடனே அணையும். கேஸ் வாசனை லேசாக அடிக்கிறது. நான் நிரப்பியதில் தப்பா, லைட்டரே போய்விட்டதா?

சாரதா_சமையல்கட்டு (திருச்சி)

எங்கள் வீட்டிலும் இதே கதைதான் வாணி. பர்னர் ஓட்டையில் பால் பொங்கி அடைத்திருக்கும். பர்னர் தலையைக் கழற்றி வெந்நீரில் ஊறவைத்து ஊசியால் குத்திவிட்டுக் காயவைத்து மாட்டு. லைட்டரைப் பர்னருக்கு ரொம்பக் கிட்டே பிடிக்காதே, பக்கவாட்டில் சாய்த்துப் பிடி. பிடித்துக்கொள்ளும்.

மின்னல்_மணி (கோவை)

சாரதா அக்கா, அது அடுப்பு பற்றவைக்கிற லைட்டர். அதில் பொறி மட்டும்தான், கேஸ் அடுப்பிலிருந்து வரும். வாணி சொல்வது தனக்குள்ளேயே கேஸ் வைத்திருக்கிற லைட்டர்.

வாணி மேடம், பீசோ பலம் குறைந்துவிட்டது என்று நினைக்கிறேன். உள்ளே இருக்கும் பீங்கான் துண்டின் மேல் சுத்தியல் மாதிரி ஒன்று ஸ்பிரிங் வேகத்தில் அடிக்கும், அதில்தான் மின்சாரம் வருகிறது. இரண்டு வருடத்தில் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும், பொறி மெலிந்திருக்கும். அதைத் தனியாக வாங்கி மாற்றலாம். மாற்றுவதற்கு முன் நுனி நாசிலை ஒரு குண்டூசியால் குத்திப் பாருங்கள், அடைப்பாகவும் இருக்கலாம்.

பழைய_பிளாட்பாரம் (சென்னை)

குண்டூசியை எடுக்காதீர்கள் அம்மா. நாசில் ஓட்டை தலைமுடி நுழைகிற அளவுதான். ஒரு தடவை குத்திப் பெரிதாக்கிவிட்டால் அப்புறம் கேஸ் கொட்டும், தீ அரை அடிக்கு எழும்பும். அதைத் திரும்பச் சின்னதாக்க யாராலும் முடியாது.

நானும் என் அப்பாவும் பாரிமுனைப் பக்கம் நடைபாதையில் குடை, டார்ச், லைட்டர் பழுது பார்த்தவர்கள். பொறி வருகிறது, தீ வரவில்லை என்று வருகிற லைட்டர்தான் பாதிக்கு மேல். மணி தம்பி சொல்கிற பீசோ பழுது அபூர்வம். அது போனால் பொறியே வராது, அல்லது "டிக்" சத்தமே மாறி மொத்தையாக விழும். கண்ணுக்குத் தெரிகிற நீலப் பொறி வந்தால் கேஸைப் பற்றவைக்க அது தாராளமாகப் போதும்.

உங்கள் விஷயத்தில் எனக்கு முதல் சந்தேகம் நிரப்பியதில்தான். காலியான தொட்டிக்குள் காற்று மாட்டியிருக்கும்போது அதன் மேலேயே கேஸ் ஏற்றினால் பாதிதான் ஏறும், வருவதும் விட்டுவிட்டு வரும். ஆனால் எதையும் கழற்றுவதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். குறை கேஸிலா, பொறியிலா என்று அதுவே சொல்லிவிடும்.

திண்ணையிலோ மொட்டைமாடியிலோ நில்லுங்கள், சமையலறையில் வேண்டாம். கேஸ் நிரப்பிய கையோடும் வேண்டாம், வெளியே சிந்தியது போக அரைமணி நேரம் விடுங்கள். தீக்குச்சியைக் கொளுத்தி லைட்டர் நுனிக்குப் பக்கத்தில் முதலில் பிடித்துக்கொள்ளுங்கள். அப்புறம் விசையை மெதுவாக, "டிக்" வரும் இடத்துக்குச் சற்று முன்வரை இழுங்கள். இந்த லைட்டர்களில் விசையின் முதல் பாதி கேஸைத் திறக்கும், கடைசியில்தான் பொறி. குச்சி முதலில், கேஸ் பிறகு. மாற்றிச் செய்தால் தேங்கிய கேஸ் குப்பென்று பிடிக்கும்.

தீ நின்று எரிந்தால் கேஸ் சரி, குறை பொறி விழும் இடத்தில். துடித்துத் துடித்து எரிந்தால் உள்ளே காற்று. ஒன்றுமே இல்லையென்றால் குழாய் அல்லது நாசில் அடைப்பு. பார்த்துவிட்டு எழுதுங்கள்.

கோவில்பட்டி_காரன்

அதாவது, லைட்டரைச் சோதிக்கவும் எங்கள் ஊர்த் தீப்பெட்டிதான் வேண்டும். இதைப் படித்துவிட்டு மனதுக்குள் ஒரு சின்ன சந்தோஷம். :)

20 ரூபாய்க்குக் குறைந்த லைட்டர் இறக்குமதியை 2023-ல் தடை செய்தார்கள். அப்படியும் பெட்டிக்கடையில் தொங்கிக்கொண்டுதான் இருக்கிறது. வாணி மேடம், குச்சியில் விளக்கேற்றினால் இந்தத் தலைவலியெல்லாம் இல்லை.

விளக்கு_வாணி

குச்சியில் எழுபது அகல் ஏற்றினால் விரல் சுடுகிறது சார், அதனால்தான் நீள மூக்கு.

பிளாட்பாரம் ஐயா, சொன்னபடியே செய்தேன். ஆச்சரியம், குச்சியைக் காட்டினதும் தீ பிடித்தது. சுமார் ஒரு அங்குல உயரம், மஞ்சள் தீ. துடிக்கவில்லை, நேராக நின்றது. விசையை விட்டதும் அணைந்தது. மூன்று தடவை செய்தேன், மூன்றும் அப்படியே. குச்சி இல்லாமல் இழுத்தால் பழையபடி "டிக்" மட்டும்தான்.

பழைய_பிளாட்பாரம்

அப்படியானால் என் முதல் சந்தேகம் தப்பு. நீங்கள் நன்றாகத்தான் நிரப்பியிருக்கிறீர்கள். நாசிலும் அடைக்கவில்லை. கேஸ் ஒரு இடத்தில் வருகிறது, பொறி வேறு இடத்தில் விழுகிறது. இரண்டும் சந்திக்கவில்லை.

இன்றைக்கு ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு நுனியை நேருக்கு நேராக இல்லாமல் பக்கவாட்டில் பாருங்கள். முகத்துக்கு நேரே வேண்டாம், பிடித்தாலும் பிடித்துவிடும். பொறி எங்கே ஆரம்பித்து எங்கே போய் விழுகிறது என்று கவனியுங்கள். குழாய் நுனியைக் கிட்டத்தில் ஒரு படமும் எடுத்துப் போடுங்கள்.

மின்னல்_மணி

ஐயா, ஒரு சந்தேகம். பொறி எங்கே விழுந்தால் என்ன? சுற்றிலும் கேஸ்தானே இருக்கிறது? எங்கே பொறி விழுந்தாலும் பிடிக்க வேண்டாமா?

பழைய_பிளாட்பாரம்

அங்கேதான் தம்பி எல்லோரும் வழுக்குவது. கேஸ் மட்டும் இருந்தால் பிடிக்காது, காற்றோடு சரியான அளவில் கலந்த இடத்தில்தான் பிடிக்கும். பியூட்டேன் காற்றில் ஏறக்குறைய 2 சதவீதத்திலிருந்து 8 சதவீதம் வரை இருந்தால்தான் எரியும். நாசில் வாய்க்குள் முழுக்கக் கேஸ், அங்கே பொறி விட்டால் பிடிக்காது. நாசிலுக்குப் பின்னால் குழாய்க்குள் முழுக்கக் காற்று, அங்கேயும் பிடிக்காது. வாய்க்கு முன்னால், ஓரத்தில், கேஸும் காற்றும் உரசிக்கொள்கிற இடம் ஒன்று இருக்கிறது. பொறி அந்த இடத்தின் வழியாகப் போக வேண்டும்.

இதனால்தான் தீயின் அளவைக் கூட்டி வைத்தாலும் சில லைட்டர் பிடிக்காது. எல்லோரும் கேஸ் போதவில்லை என்று திருகைக் கூட்டுவார்கள். வேகமாக வருகிற கேஸ் பொறி விழும் இடத்தையும் தாண்டிப் போய்விடும். குறைத்து வைத்தால் பிடிக்கும்.

ஊட்டி_குளிர்

என் லைட்டரிலும் இதே நோய். ஆனால் மார்கழி, தை மாதக் காலையில் மட்டும். பொறி ஜம்மென்று வரும், தீ வராது. உள்ளங்கையில் இரண்டு நிமிடம் இறுக்கிப் பிடித்தால் பிடித்துக்கொள்ளும். இங்கே உயரம் 2,240 மீட்டர், காற்று மெல்லிசு என்பதாலா?

பழைய_பிளாட்பாரம்

உங்களுடையது குளிர். பியூட்டேன் பூஜ்ய டிகிரிக்கு அரை டிகிரி கீழேதான் கொதிக்கும். சென்னை வெயிலில் தொட்டிக்குள் நல்ல அழுத்தம் இருக்கும். உங்கள் ஊரில் விடிகாலை நாலைந்து டிகிரி என்றால் அழுத்தம் சொற்பம்தான், கேஸ் வெளியே எட்டிப்பார்க்காது. உள்ளங்கைச் சூடு பட்டதும் ஏறுகிறது. சட்டைப் பைக்குள் வைத்துத் தூங்காதீர்கள், காலையில் எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாலே போதும். கேன் வாங்கும்போது ஐசோபியூட்டேனோ புரொப்பேனோ கலந்தது என்று எழுதியிருந்தால் அது குளிருக்குக் கொஞ்சம் தாங்கும்.

ஊட்டி_குளிர்

சாதா லைட்டருக்கு நீங்கள் சொல்வது ஒத்துப்போகிறது. என்னிடம் ஜெட் தீ வருகிற லைட்டர் ஒன்றும் இருக்கிறது, நீலமாகச் சீறுமே, அது. அதைச் சுடவைத்தாலும் சில நாள் பிடிப்பதில்லை. கேஸ் சீறும் சத்தம் நன்றாகக் கேட்கிறது.

மின்னல்_மணி

ஜெட் லைட்டர் தன் பக்கவாட்டு ஓட்டை வழியாகக் காற்றை இழுத்துக் கேஸோடு கலந்துதான் வெளியே அனுப்பும். மெல்லிசுக் காற்றில் அந்தக் கலவை கெட்டுவிடும். அங்கே உயரம்தான் காரணம்.

பழைய_பிளாட்பாரம்

இருக்கலாம். ஆனால் ஜெட் லைட்டரில் பை நூலும் தூசியும் போய் அந்தக் காற்று ஓட்டையை அடைப்பதைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன், அதுவும் கடல் மட்டத்தில். கேமரா லென்ஸுக்கு அடிக்கிற ரப்பர் ஊதுகுழலால் நுனியிலும் பக்கத்திலும் நாலு தடவை ஊதிப் பாருங்கள். அப்படியும் பிடிக்கவில்லையென்றால் கீழே மேட்டுப்பாளையம் வரும்போது கொண்டுவந்து கொளுத்திப் பாருங்கள். அங்கே பிடித்தால் மணி சொன்னது சரி.

விளக்கு_வாணி

படம் போட்டிருக்கிறேன். இருட்டில் பார்த்தேன். இதற்கு முன் இப்படிப் பார்த்ததே இல்லை. பொறி நுனியில் இல்லை! குழாய்க்குள்ளே, பித்தளை நாசிலின் கழுத்திலிருந்து பக்கவாட்டில் குழாய்ச் சுவருக்குப் பாய்கிறது. வெளிச்சத்தில் பார்க்கும்போது நுனியில் இருப்பது மாதிரி தெரிந்தது, குழாயின் வெளிச்சம்தான் அது.

பழைய_பிளாட்பாரம்

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இரண்டு விஷயம் தெரிகிறது.

இந்த வகையில் நாசிலுக்கு ஒரு கம்பி வரும், வெளிக்குழாய்க்கு இன்னொன்று. பொறி நாசிலுக்கும் குழாய்க்கும் நடுவில். குழாயின் விளிம்பில் ஒரு சின்ன நாக்கு உள்பக்கம் மடங்கியிருக்கும், நாசில் வாய்க்கு எதிரே நிற்கும். பொறி அந்த நாக்குக்குத் தாவ வேண்டும். உங்கள் படத்தில் நாக்கு வெளிப்பக்கம் நிமிர்ந்திருக்கிறது. அதோடு நாசில் விளிம்பிலிருந்து ரொம்ப உள்ளே தெரிகிறது. நாசில் பின்னே போகாது, அது உள்ளே பொருத்தப்பட்டது. குழாய்தான் முன்னே நழுவியிருக்கிறது. கைப்பிடியும் குழாயும் சேருகிற இடத்தில் வண்ணம் படியாத வெள்ளி வளையம் ஒன்று பளிச்சென்று தெரிகிறது பாருங்கள், நாலு மில்லிமீட்டர் இருக்கும். அத்தனை தூரம் வெளியே வந்திருக்கிறது.

மின்சாரம் எப்போதும் கிட்டத்தில் இருக்கும் உலோகத்துக்குத்தான் தாவும். உலர்ந்த காற்றில் ஒரு மில்லிமீட்டருக்கு ஏறக்குறைய 3,000 வோல்ட் வேண்டும் என்பார்கள். நாக்கு ஆறேழு மில்லிமீட்டர் தள்ளிப் போய்விட்டது, பக்கச் சுவர் அதைவிடக் கிட்டத்தில் இருக்கிறது. அது ஏன் நாக்குக்குப் போகப்போகிறது?

ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். இதை வைத்து எதையாவது நெம்பினீர்களா?

விளக்கு_வாணி

அம்மாவைக் கேட்டேன். முதலில் இல்லை என்றார். அப்புறம், சாம்பிராணி டப்பா மூடி இறுகிப்போயிருந்தது, பக்கத்தில் இதுதான் இருந்தது என்று மெல்ல வந்தது.

கோவில்பட்டி_காரன்

தீக்குச்சியால் யாரும் டப்பா திறக்க மாட்டார்கள். சொல்லி வைக்கிறேன்.

பழைய_பிளாட்பாரம்

சரி, இனி வேலை சுலபம். முதலில் விசையை இழுத்துப் பொறியெல்லாம் விடாமல், லைட்டரைத் தீயில்லாத இடத்துக்குக் கொண்டுபோங்கள். தீயளவுத் திருகைக் குறைந்தபட்சத்தில் வையுங்கள்.

கைப்பிடியை ஒரு கையிலும் குழாயை ஒரு துணி சுற்றி மறு கையிலும் பிடித்து, நேர்கோட்டில் உள்ளே அழுத்துங்கள். முறுக்க வேண்டாம், உள்ளே மெல்லிய பிளாஸ்டிக் கேஸ் குழலும் கம்பியும் ஓடுகின்றன, முறுக்கினால் அறுந்துவிடும். அந்த வெள்ளி வளையம் மறைந்தால் போதும். மறையாமல் முரண்டு பிடித்தால் சுத்தியல் எடுக்காதீர்கள், எனக்கு எழுதுங்கள்.

அடுத்தது நாக்கு. சிறிய மூக்குப் பிளையரால் நுனியை மட்டும் பிடித்து உள்பக்கம் மடியுங்கள். நாசில் வாயிலிருந்து 3 முதல் 4 மில்லிமீட்டர் முன்னால், சற்று ஓரமாக நிற்க வேண்டும். இரண்டு தீக்குச்சிகளைச் சேர்த்து வைத்தால் வருகிற தடிப்பு, அவ்வளவுதான் இடைவெளி. வாய்க்கு நேர் குறுக்கே நிறுத்தாதீர்கள், கேஸ் அதன் மேல் மோதிச் சிதறும். நாசிலைத் தொடும்படி ஒட்டியும் வைக்காதீர்கள், ஒட்டினால் பொறியே வராது. தகடு மெலிசு. ஒரே மடிப்பில் முடியுங்கள், முன்னும் பின்னும் நாலு தடவை ஆட்டினால் ஒடிந்து கையில் வரும்.

கரி படிந்திருந்தால் காது குடையும் பஞ்சுக்குச்சியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்து, நன்றாகக் காயவிட்டு அப்புறம் பற்றவையுங்கள். கரியும் மின்சாரத்தைக் கடத்தும், பொறி வராமலே கசிந்துபோகும்.

சாரதா_சமையல்கட்டு

குறுக்கே கேட்கிறேன், மன்னிக்கவும். கேனுக்கு இருநூறு ரூபாய் கொடுப்பதற்கு வீட்டு சிலிண்டரிலிருந்து ஒரு டியூப் மாட்டி லைட்டரில் ஏற்றிக்கொள்ளலாம் என்று எங்கள் மாப்பிள்ளை சொல்கிறார். செய்யலாமா?

பழைய_பிளாட்பாரம்

கூடவே கூடாது அக்கா. மாப்பிள்ளையிடம் என் பெயரைச் சொல்லியே திட்டுங்கள். சமையல் கேஸில் புரொப்பேனும் இருக்கிறது, அதன் அழுத்தம் பியூட்டேனைவிடப் பல மடங்கு. லைட்டரின் பிளாஸ்டிக் தொட்டி அதற்குச் செய்ததில்லை. கையில் வெடித்தால் விரல் போகும். சிலிண்டர் வால்வில் டியூப் மாட்டும்போது கசிகிற கேஸ் காற்றைவிடக் கனம், தரையோடு ஓடிப்போய் பூஜை அறை விளக்கைத் தேடும்.

விளக்கு_வாணி

செய்துவிட்டேன்! குழாய் ஒரு "டக்" சத்தத்தோடு உள்ளே போய் உட்கார்ந்தது. நாக்கை மடித்தேன். முதல் தடவை கொஞ்சம் அதிகமாக மடித்துவிட்டேன், பொறி நின்றுவிட்டது. பயந்துபோய்க் கொஞ்சம் விரித்தேன். இருட்டில் பார்த்தால் இப்போது பொறி நாசில் வாயிலிருந்து நாக்குக்கு வளைந்து தாவுகிறது. இழுத்ததும் பிடித்தது. பத்துக்கு எட்டு தடவை பிடிக்கிறது. தீயளவை நடுவுக்கும் கீழே வைத்திருக்கிறேன், கூட்டினால் நீங்கள் சொன்னபடியே பிடிக்காமல் போகிறது.

அந்த மீதி இரண்டு தடவை என்னவென்றால், காலையில் முதலில் இழுப்பதுதான் பிடிப்பதில்லை. இரண்டாவது இழுப்பில் பிடிக்கிறது. அதற்குப் பிறகு நாள் முழுக்கச் சரி.

மின்னல்_மணி

நான் பீசோ என்றது தப்பு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இதற்கு என் பதில், வால்வு ரப்பர் தேய்ந்திருக்கிறது. ராத்திரி முழுக்கக் கேஸ் மெதுவாகக் கசிகிறது.

பழைய_பிளாட்பாரம்

எனக்கு அப்படித் தோன்றவில்லை. வால்வு கைப்பிடிக்குள் இருக்கிறது, நாசில் பதினைந்து சென்டிமீட்டர் தள்ளி. நடுவில் இருக்கும் மெல்லிய குழலில் ராத்திரி கிடந்த கேஸ் வெளியேறிக் காற்று நிறைந்திருக்கும். முதல் இழுப்பில் அந்தக் காற்று வெளியே வருவதற்குள் பொறி விழுந்து முடிந்துவிடுகிறது. முதல் இழுப்பை மட்டும் மெதுவாக, பாதியில் ஒரு நொடி நிறுத்தி இழுத்துப் பாருங்கள். ஒரு நொடி போதும், எண்ணிக்கொண்டே நிற்காதீர்கள்.

மின்னல்_மணி

கேஸ் கசியாமல் குழலில் இருந்த கேஸ் மட்டும் போயிருக்கும் என்கிறீர்கள். இரண்டுக்கும் வெளியே தெரிவது ஒன்றுதானே ஐயா, எப்படிப் பிரிப்பது?

பழைய_பிளாட்பாரம்

எடை போட்டு. குழலில் இருக்கும் கேஸ் எடைக்கே வராது. வால்வு கசிந்தால் தொட்டி குறையும். கும்பகோணத்தில் நகைக்கடைக்காரர் யாராவது தெரிந்தவர் இருந்தால், லைட்டரைத் தராசில் வைத்து எடை குறித்துக்கொண்டு, நாலு நாள் தொடாமல் வைத்து மறுபடி போடுங்கள். சமையலறைத் தராசு ஒரு கிராம்தான் காட்டும், அது போதாது. தொட்டி முழுக்க இருக்கும் கேஸே சில கிராம்தான். கால் கிராம் குறைந்தால் மணி சொன்னது, ஒன்றும் குறையவில்லையென்றால் நான் சொன்னது.

விளக்கு_வாணி

சித்தப்பாவுக்கு நகைக்கடை இருக்கிறது. லைட்டரை எடை போடப் போனால் சிரிப்பார், இருந்தாலும் நாளைக்குப் போகிறேன். நாலு நாள் தொடக்கூடாது என்றால் அதுவரை விளக்கேற்றுவதற்கு... கோவில்பட்டி சார், சந்தோஷப்பட்டுக்கொள்ளுங்கள், ஒரு கட்டுத் தீப்பெட்டி வாங்கியாகிவிட்டது.

ஊட்டி_குளிர்

ரப்பர் ஊதுகுழலால் ஊதினேன் ஐயா. சட்டைப் பை நூல் ஒரு சின்ன உருண்டையாக வந்தது. இன்று மதியம் ஐந்துக்கு நாலு தடவை பிடித்தது. ஆனால் இன்று வெயில் அடித்தது, அதனாலா நூல் போனதாலா என்று தெரியவில்லை. காலையில் பனியில் இழுத்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.